அறிவித்த அன்றே செலவு, கையில் வருவது என்றைக்கோ

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வணிகப் பக்கத்தில், ஆலையை மூடப்போகும் ஒரு நிறுவனம் 'தொழிலாளர்களுக்கு இழப்பீடு வழங்கியதால்' அந்தக் காலாண்டில் நஷ்டம் அடைந்தது என்ற செய்தி வந்திருந்தது. செய்தியின் கடைசிப் பத்தியிலேயே ஆலை டிசம்பரில்தான் மூடப்படும் என்றும் இருந்தது. யாருக்கும் இன்னும் ஒரு ரூபாய்கூட வழங்கப்படவில்லை என்பதுதான் இதன் பொருள். நீண்ட காலம் தணிக்கைத் துறையில் இருந்தவன் என்பதால் இதை விளக்க விரும்புகிறேன். செய்தியைப் படித்த தொழிலாளி, பணம் எங்கோ தயாராக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் இண்ட் ஏஎஸ் 19 என்ற கணக்கியல் தரநிலையின்படி, ஆட்குறைப்பு இழப்பீடு பணம் கொடுக்கும் நாளில் செலவாவதில்லை. நிறுவனம் இனிப் பின்வாங்க முடியாது என்ற நிலை வரும் நாளில் முழுத் தொகையும் செலவாக எழுதப்படுகிறது. அந்த நிலை வந்துவிட்டதா என்பதை அறிவிப்பை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். எத்தனை பேர், எந்தப் பிரிவு, எந்த ஊர், எப்போது முடியும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தொழிலாளி தானே கணக்கிட்டுக்கொள்ளும் அளவுக்கு விவரமும் வேண்டும். ஆள் பெயர்கள் தேவையில்லை. திட்டம் இனிப் பெரிதாக மாறாது என்றும் தெரிய வேண்டும்.

மார்ச் 28-ஆம் தேதி இயக்குநர் குழு மூடிய அறைக்குள் முடிவெடுத்து, ஏப்ரல் 5-ஆம் தேதி ஆலை வாசலில் நோட்டீஸ் ஒட்டினால், செலவு அடுத்த நிதியாண்டைச் சேர்ந்தது. குழுவின் தீர்மானம் மட்டும் யாரையும் கட்டுப்படுத்தாது. அடுத்த கூட்டத்தில் அதை ரத்து செய்துவிடலாம். முடிந்த ஆண்டின் கணக்கில் அது ஒரு குறிப்பாக மட்டுமே இடம்பெறும். சில நிறுவனங்கள் நோட்டீஸ் தேதியை ஏன் அத்தனை கவனமாகத் தேர்ந்தெடுக்கின்றன என்பது வாசகர்களுக்கு இப்போது புரியும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஆலையில் 200 பேர். ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம் 30,000 ரூபாய், 12 ஆண்டு சேவை. ஓர் ஆண்டுச் சேவைக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் என்ற சட்டப்படியான அளவில், ஆண்டுக்கு 15,000 வீதம் ஒருவருக்கு 1,80,000 ரூபாய். மார்ச் இறுதியில் நிறுவனம் அறிவிக்கிறது: இன்றே விலகினாலும் இந்தத் தொகை உண்டு, டிசம்பர் இறுதியில் ஆலை மூடும்வரை வேலை செய்தால் கூடுதலாக 90,000. இதில் முதல் தொகையான 3 கோடியே 60 லட்சம் மொத்தமும் மார்ச் கணக்கிலேயே செலவு. கூடுதல் 90,000 அப்படியல்ல. அது இனிமேல் செய்யப்போகும் வேலைக்கான கூலி. 150 பேர் கடைசிவரை நிற்பார்கள் என்று எதிர்பார்த்தால், 1 கோடியே 35 லட்சத்தை ஒன்பது மாதங்களுக்குப் பிரித்து, மாதம் 15 லட்சமாக எழுத வேண்டும். இரண்டையும் கூட்டி மொத்தமாக 'இழப்பீடு' என்று செய்தி போட்டால் இரண்டுமே தவறாகிவிடும்.

விருப்ப ஓய்வுத் திட்டம் என்றால் கணக்கு வேறு. அங்கே பொதுவாகத் தொழிலாளி கையெழுத்திட்டு ஒப்புக்கொள்ளும்போதுதான் செலவு எழுகிறது.

அறிவிப்பு வந்த பிறகும் தொகை முடிவாகாமல் இழுபறி நீடித்தால் என்ன ஆகும்? மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் நடந்தது அதுதான். 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஏறத்தாழ 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றது. மறைமலைநகர் ஆலை 2022-இன் இரண்டாம் காலாண்டுக்குள் நிற்கும் என்றது. தாய் நிறுவனம் அதே நாளில் முதலீட்டாளர்களிடம் மொத்தம் சுமார் 200 கோடி டாலர் செலவாகும், அதில் ஏறத்தாழ 60 கோடி 2021-இலும் 120 கோடி 2022-இலும் கணக்கில் வரும் என்று சொல்லிவிட்டது. (இது ஊழியர் இழப்பீடு மட்டுமல்ல, தேய்மானம் போன்றவையும் சேர்ந்தது, அமெரிக்க விதிகளும் நம்முடையவற்றிலிருந்து சற்று மாறுபடும்.) ஆனால் மறைமலைநகரில் 2022 ஜூனில்கூட வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஓர் ஆண்டுச் சேவைக்குச் சுமார் 115 நாள் சம்பளம் என்ற நிறுவனத்தின் அறிவிப்பைத் தொழிலாளர்கள் ஏற்கவில்லை. பிறகு அது உயர்த்தப்பட்டது. பேரம் முடியவில்லை என்பதற்காக, நம் தரநிலைகளின்படி, நிறுவனம் செலவைக் காட்டாமல் இருந்துவிட முடியாது. விரிவான மூடல் திட்டம் வெளியே அறிவிக்கப்பட்டுவிட்டதால், கையில் உள்ள தகவல்களை வைத்துச் சிறந்த மதிப்பீட்டை எழுத வேண்டும். பேரம் உயர உயர வித்தியாசத்தையும் செலவாகச் சேர்க்க வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்கள் காலாண்டு அறிக்கைகளைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நிர்வாகம் மேசையில் சொல்லும் 'கடைசித் தொகை'யைவிட அதிகமாகக் கணக்கில் ஒதுக்கியிருந்தால், அதுவும் பேச்சுவார்த்தையில் கேட்க வேண்டிய கேள்விதான்.

இன்னொரு குழப்பம் பணிக்கொடை. 'ஒவ்வொருவருக்கும் இத்தனை லட்சம்' என்று நிர்வாகம் வெளியிடும் செட்டில்மென்ட் தொகையில் பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாம் சேர்ந்திருக்கும். அவை தொழிலாளி ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்தவை. ஆண்டுதோறும் செலவாக எழுதப்பட்டு வந்தவை. மூடல் அறிவிப்பால் புதிதாகச் செலவாவது இழப்பீடும் அதற்கு மேலான கருணைத் தொகையும்தான். கணக்கிடும் முறையும் வேறு. பணிக்கொடைக்கு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குகிறோம். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு மாதச் சம்பளம் பெறுபவரின் 15 நாள் என்பது அரை மாதச் சம்பளம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சங்க அலுவலகங்களில் இன்றும் இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போட்டுவிட்டு, பிறகு ஏமாற்றமடைகிறார்கள்.

கடைசியாக, 'ஒதுக்கீடு' என்று எழுதியதால் அந்தப் பணம் தனி வங்கிக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடுவதில்லை. அது நிறுவனம் ஒப்புக்கொண்ட கடன், அவ்வளவுதான். இடையில் நிறுவனம் திவாலானால் தொழிலாளியும் வரிசையில் நிற்க வேண்டும்; கலைப்புக்கு முந்தைய 24 மாத நிலுவைக்கு அடமானக் கடன்காரர்களுக்குச் சமமான இடம் உண்டு என்பது மட்டுமே ஆறுதல். எதிர்ப்பக்கத் தந்திரமும் இருக்கிறது. எப்படியும் நஷ்டமான ஆண்டு என்று தாராளமாக ஒதுக்கிவைத்துவிட்டு, அடுத்த ஆண்டு மிச்சத்தைத் திருப்பி லாபத்தில் சேர்ப்பார்கள். மறுசீரமைப்பு ஒதுக்கீட்டைத் தனியாகக் காட்டும் நிறுவனமானால், ஆண்டறிக்கைக் குறிப்பில் தொடக்க இருப்பு, சேர்த்தது, கொடுத்தது, பயன்படாமல் திருப்பியது என்று ஒரு சிறு அட்டவணை இருக்கும். அதில் திருப்பியதைக் காட்டும் வரியைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

எனவே உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்திகளில் 'வழங்கியது' என்று எழுதுமுன், லாப நஷ்டக் கணக்கோடு பணப்புழக்க அறிக்கையையும் பார்க்கட்டும். கணக்கில் எழுதியது எவ்வளவு, கைமாறியது எவ்வளவு என்று இரண்டு எண்களையும் அடுத்தடுத்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்,
செங்கல்பட்டு