‘ஆனால்’ என்ற சொல்லைத் தேடு

அன்புள்ள செல்வி,

உன் கட்டுரை வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடாதது என் தப்பு. திட்டுவதென்றால் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு. வீட்டில் எல்லோரும் நலம். பெரியவர் உன் கையெழுத்தைப் பற்றி இன்னும் அதையேதான் சொல்கிறார்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வேலைநிறுத்தச் செய்திகளை நீ சேகரித்த விதம் நன்று. ஆனால் பன்னிரண்டு பக்கமும் ‘ஊடகம் முதலாளி பக்கம்’ என்ற ஒரே முடிவைத்தான் சொல்கின்றன. அதற்கு இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி தேவையே இல்லை, ‘பாரபட்சம்’ என்ற சொல்லே போதும். கோளாறு நீ எடுத்த மொழிபெயர்ப்பிலிருந்தே தொடங்குகிறது. அவருடைய ‘ஹெஜிமனி’ என்ற சொல்லை ‘மேலாதிக்கம்’ என்று எழுதியதும் அடக்குமுறைதான் உன் கண்ணில் படுகிறது. கிராம்ஷி அடக்குமுறைக்கு எதிர்ப்புறத்தில் வைத்த சொல் அது: ஆளும் தரப்பு மற்றவர்களின் இசைவைப் பெற்று நடத்திச் செல்வது. இசைவைப் பெற வேண்டுமானால் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஆகவே செய்தி தொழிலாளருக்கு எதை மறுக்கிறது என்பதோடு, எதை ஒப்புக்கொள்கிறது என்றும் பார்.

கருத்தியலை வாக்கிய அளவில் பிடி. ‘வேலைநிறுத்தத்தால் மக்கள் அவதி’ என்ற தலைப்பை எடுத்துக்கொள். காரணம் முழுவதும் ஒரு ‘ஆல்’ உருபுக்குள் அடங்கிவிட்டது. ‘பேச்சுவார்த்தை முறிந்ததால் மக்கள் அவதி’ என்றும் எழுதியிருக்கலாம். அப்போது காரணம் இரு தரப்புக்கும் பொதுவாகிவிடும். ‘மக்கள்’ என்ற சொல்லும் தொழிலாளரை வெளியே நிறுத்துகிறது, அவர்களும் பஸ் ஏறுகிறவர்கள்தான் என்றாலும். வினைச்சொற்களையும் எண்ணு. நிர்வாகம் ‘வழங்க முன்வந்தது’, சங்கம் ‘பிடிவாதம் பிடித்தது’ என்று வந்தால், உழைப்பின் விலை ஒருவர் கொடுக்கும் கொடை என்ற எண்ணம் யாரும் வாதிடாமலே நிலைபெற்றுவிடுகிறது.

ஹெஜிமனி தெரிவது இதற்கு அடுத்த படியில். ‘கோரிக்கை நியாயமானதே, ஆனால் போராடும் முறை...’ என்று தொடங்கும் தலையங்கங்களைத் தனியாக எடுத்து வை. நீ அவற்றை ‘நடுநிலை’ என்று ஒதுக்கிவிட்டாய், செல்வி, எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கட்டுரையின் இதயம் அங்கேதான். கூலி போதாது என்பதை ஒப்புக்கொண்டு, வேலையை நிறுத்தும் உரிமையை மட்டும் ‘ஆனால்’ தள்ளிவைக்கிறது. வாசகர் தலையசைப்பது அந்த முதல் பாதிக்கு.

ஒப்பிட ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1975-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் குப்பை லாரி ஓட்டுநர்கள் சுமார் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். மற்ற இடங்களில் கனரக வாகனம் ஓட்டுவோருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்பது கோரிக்கை. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஊடகக் குழு தேசியத் தொலைக்காட்சிச் செய்திகளை ஆராய்ந்தது. குப்பைமேடும் சுகாதார ஆபத்தும் குப்பை அள்ள ராணுவம் வந்ததும் திரும்பத் திரும்ப வந்தன. ஒளிபரப்பான 21 பேட்டிகளில் ஓட்டுநர் ஒருவருடையதுகூட இல்லை. பொய்ச்செய்தி எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனி. குப்பை உண்மையாகவே குவிந்திருந்தது. எதைப் படம் பிடிப்பது, யாரிடம் கேட்பது என்ற வழக்கமான செய்தியறை முடிவுகளே போதுமாயிருந்தன.

உன் அட்டவணையைத் திருத்து. ஒவ்வொரு செய்திக்கும் நான்கு நெடுவரிசை போதும்: சிக்கலுக்குக் காரணமாக யார் சொல்லப்படுகிறார், யார் பேசுகிறார், கோரிக்கை எத்தனையாவது பத்தியில் வருகிறது, எது ஒப்புக்கொள்ளப்படுகிறது. வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்ததற்கு ஒரு வாரம் முன்பிருந்து, ஒப்பந்தம் முடிந்து இரண்டு வாரம் வரை எடு. வேலைநிறுத்த நாட்களை மட்டும் எடுத்தால், அதற்குமுன் நிலவிய மௌனம் கணக்கில் வராது. இருபது செய்திகளை வேறொருவரும் தனியாகக் குறிக்கட்டும். நான்காவது நெடுவரிசையில்தான் இருவரும் அதிகம் முரண்படுவீர்கள். அப்படியானால் விதியைத் தெளிவாக்கிவிட்டு மறுபடி குறியுங்கள்.

இன்னொரு பொறி. தொழிலாளரைத் திட்டினாலும் ஹெஜிமனி, பாராட்டினாலும் ஹெஜிமனி என்றால் உன் வாதத்தை யாராலும் மறுக்க முடியாது, அதனாலேயே அது வாதமாகாது. எது கிடைத்தால் உன் கருத்து தவறு என்பதை முன்கூட்டியே எழுதி வை. உதாரணமாக, வேலையை நிறுத்தும் உரிமையையே ஏற்று, தொழிலாளரையே முதல் குரலாக வைத்த செய்திகள் கணிசமாக இருந்தால் என்ன சொல்வாய்?

கடைசிப் பக்கத்தில் ‘வாசகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்’ என்ற வரியை அடித்துவிடு. உன்னிடம் இருப்பது செய்திகள் மட்டும். ஊடக ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் சொன்னபடி, அதே செய்தியை ஒருவர் அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசலாம், எதிர்த்தும் வாசிக்கலாம். ‘இசைவைக் கோருகிறது’ என்று எழுது. கிடைத்ததா என்பதைப் பேட்டி எடுத்த பிறகு பார்க்கலாம்.

அந்தத் தலையங்கங்களை மட்டும் முதலில் அனுப்பு, ‘ஆனால்’ வரும் இடங்களைக் கோடிட்டு. ஞாயிறுக்குள் படித்துவிடுகிறேன்.

உன்,
மாலதி