‘சிலர்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் சென்னை நெரிசல் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். “ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, ஒருவழிப் பாதையில் எதிரே வந்து, கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தும் இரு சக்கர வாகன ஓட்டிகள்” என்று ஒரு வரி. ‘சிலர்’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடித்தான் இரண்டாவது முறை படித்தேன். இல்லை.

நான் கோடம்பாக்கத்தில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். வாரத்தில் இரண்டு நாள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய் காகிதமும் அழைப்பிதழ் அட்டையும் வாங்கி வருகிறேன். 27 வருடமாக அதே வேலை, அதே வழி. இதில் ஒரு நாள்கூட ஒன்வேயில் எதிரே போனதில்லை. ஆனால் அப்படி வந்த ஒருவரால் விழுந்திருக்கிறேன். அந்தக் கட்டுரையை எழுதியவர் கேட்டிருந்தால் அதை அவரிடமே சொல்லியிருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன், காலை பதினோரு மணி. ஒரு குறுக்குத் தெருவிலிருந்து ஒருவழிச் சாலைக்கு இடது பக்கம் திரும்பினேன். அந்தச் சாலையில் எல்லா வண்டியும் என் வலது கைப் பக்கமிருந்துதான் வர வேண்டும். அதனால் வலது பக்கம் பார்த்தேன், ஒரு பஸ் போகட்டும் என்று காத்திருந்தேன், அப்புறம் திரும்பினேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் திரும்புவார்கள். இடது பக்கமிருந்து, நடைபாதையை ஒட்டியே ஒரு ஸ்கூட்டர் எதிரே வந்தது. ‘ஓரமாகத்தானே வருகிறேன்’ என்று அவர் நினைத்திருப்பார். குறுக்குத் தெருவிலிருந்து இடது பக்கம் திரும்புகிறவன் வந்து சேரும் இடமும் அந்த ஓரம்தான். அவர் முப்பதில் வந்தார், நான் பத்தில் திரும்பினேன். மோதும்போது இரண்டு வேகமும் சேர்ந்துகொள்ளும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நான் இடது பக்கம் சாய்ந்து விழுந்தேன். நடைபாதைக் கல்லின் விளிம்பில் தலை இடித்தது.

ஹெல்மெட்டின் வெளியே விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து உள் துணியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உள்ளே இருக்கும் தெர்மாகோல் இடது காதுக்கு மேலே விரிசல் விட்டு அமுங்கியிருந்தது தெரிந்தது. அது அமுங்கியதால்தான் என் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடியின் வேகத்தை வாங்கிக்கொண்டு நசுங்குவதுதான் அதன் வேலை. ஒரு முறை நசுங்கினால் திரும்பி எழாது. கடைக்காரர் ஒருவர், “ஓடு நல்லாத்தானே சார் இருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் போடலாம்” என்றார். நான் வேறு வாங்கினேன்.

ஹெல்மெட் என்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று மட்டும்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். 2022 அக்டோபரில் 100 ரூபாய் 1,000 ஆனது முதல் தங்கள் இதழிலும் அந்தத் தொகையைப் பல முறை படித்துவிட்டேன். தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் எது என்று ஒரு முறைகூடப் படித்ததில்லை. சாலையோரத்தில் குவித்து விற்கும் தொப்பி மாதிரியான ஹெல்மெட்டுகளில் பலவற்றைத் திருப்பிப் பாருங்கள், தெர்மாகோலே இருக்காது, வெறும் ஸ்பாஞ்சுதான். போலீஸ் பிடிக்காது, தலையையும் காக்காது. ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததை விற்கக் கூடாது என்று 2021 ஜூனிலிருந்து விதி இருக்கிறது. விற்பனை நடந்துகொண்டேதான் இருக்கிறது. விற்கிறவருக்கு யாரும் அபராதம் போடுவதாகத் தெரியவில்லை.

என் மனைவி பின்னால் உட்கார்ந்து வரும்போது, புறப்படுவதற்கு முன் ஒன்று செய்வேன். வார்ப்பட்டையை மாட்டிய பிறகு தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் மட்டும் நுழைகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் ஹெல்மெட்டின் பின்பக்க அடி விளிம்பைப் பிடித்து மேலே, முன்பக்கமாகத் தள்ளிப் பார்ப்பேன். பட்டை மாட்டியிருந்தும் முன்னால் கழன்று வந்தால் அது பெரிய சைஸ். விழும்போது தலைக்கு முன்னால் அதுதான் பறக்கும். அவருடைய முதல் ஹெல்மெட் அப்படித்தான் கழன்று வந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு வருடம் சுற்றியிருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஒன்வேயில் எதிரே வருகிறவர்களுக்காக நான் பரிந்து பேச மாட்டேன், அவர்களால் அடிபட்டவன். ஆனால் அவர்கள் எங்கே அப்படி வருகிறார்கள் என்று கட்டுரையாளர் நின்று பார்த்திருக்கலாம். ஐம்பது மீட்டரில் இருக்கும் கடைக்கு ஒன்றரை கிலோமீட்டர் சுற்ற வேண்டிய இடத்தில்தான் வருகிறார்கள். அதற்கும் மேலே, குழாய் பதிக்க, மெட்ரோவுக்கு என்று வழியை அடிக்கடி மாற்றுகிறார்கள். நேற்று வரை போன தெரு இன்று நுழைவு இல்லை. பலகையை ஒருவழி தொடங்கும் முனையில் மட்டும் வைக்கிறார்கள். நடுவில் வந்து சேரும் குறுக்குத் தெருவிலிருந்து திரும்புகிறவருக்கு அது தெரியவே தெரியாது. புதிதாக மாற்றிய ஒரு வாரம், குறுக்குத் தெரு முனைகளில் நின்று ‘இப்போ எந்தப் பக்கம் போகணும்’ என்று மீன்பாடி வண்டிக்காரரிடம் கேட்டுத்தான் திரும்புகிறேன்.

‘கண்ட இடத்தில்’ நிறுத்துவது பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான்கு ரீம் காகிதம் வாங்கப் போன நாள், மற்ற வண்டிகளோடு வரிசையில், சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஹேண்டில் பூட்டித்தான் நிறுத்தினேன். திரும்பி வந்தால் வரிசையே இல்லை. மரக்கிளைக்குப் பின்னால் ‘நோ பார்க்கிங்’ பலகை இருந்ததைப் பக்கத்துக் கடைப் பையன் கிளையை விலக்கிக் காட்டினான். வண்டி எங்கே போயிற்று என்று சொல்ல ஆளில்லை, எழுதி வைத்த ஒரு சீட்டும் இல்லை. காகிதக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு இரண்டு காவல் நிலையம் ஏறி இறங்கினேன். லாரியில் தூக்கிப் போட்டதில் பின்பக்க இண்டிகேட்டர் உடைந்திருந்தது. அபராதத்தைக் கட்டினேன், அதில் எனக்கு வருத்தமில்லை. காசு கொடுத்து நிறுத்துகிறேன் என்றாலும் அந்தப் பக்கத்தில் இரு சக்கர வண்டிக்குக் கோடு போட்ட இடம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை என்பதுதான் வருத்தம்.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ‘போக்குவரத்து மாற்றம்’ என்று தாங்கள் வெளியிடும் பெட்டிச் செய்தியில், “இடதுபுறம் திரும்பி, வலதுபுறமாகச் சென்று” என்று பத்து தெருப் பெயர்களை வரிசையாக எழுதுகிறீர்கள். மூன்று முறை படித்தாலும் பிடிபடுவதில்லை. அதற்குப் பதிலாக அம்புக்குறி போட்ட ஒரு சிறிய வரைபடம், மாற்றம் நடப்பதற்கு முதல் நாளே வெளியிட்டால், வெட்டி எடுத்து வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோடம்பாக்கம், சென்னை