கையில் வராத சான்றிதழும் சரிபார்ப்பு நாளும்

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. உன் மகள் தேர்வில் தேறிச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டிருப்பதில் மகிழ்ச்சி. அவளிடம் இருக்கும் சாதிச் சான்றிதழில் தந்தை பெயருக்குப் பதிலாகக் கணவர் பெயர் இருப்பதால், இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். சாதி பிறப்பால் வருவது என்பதால் தந்தை பெயரில்தான் கேட்பார்கள், விண்ணப்பித்தது சரியே.

முதலில், ஒப்புகைச் சீட்டிலுள்ள விண்ணப்ப எண்ணைக் கொண்டு மனு யாரிடம் நிற்கிறது என்று பார். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரைக் கடந்து துணை வட்டாட்சியரிடம் சேர வேண்டும். எவரிடம் நிற்கிறதோ அவரிடமே, அழைப்புக் கடிதத்தின் நகலுடன் நேரில் போங்கள். மேலே இருப்பவரிடம் முறையிட்டாலும் கீழிருந்து அறிக்கை வராமல் அவரால் கையொப்பமிட முடியாது. சாதி குறிப்பிடப்பட்ட பள்ளி மாற்றுச் சான்றிதழ் இங்கேதான் பயன்படும். சரிபார்ப்பு மேசையில் அது சாதிச் சான்றிதழுக்கு ஈடாகாது.

அதற்குள் வராவிட்டாலும் அவள் குறித்த நாளில் போயே ஆக வேண்டும். பழைய சான்றிதழ், ஒப்புகைச் சீட்டு, அன்று காலை எடுத்த விண்ணப்ப நிலையின் அச்சுப்படி ஆகியவற்றோடு, எந்த நாளில் விண்ணப்பித்தாள், ஏன் தாமதம், எத்தனை நாள் அவகாசம் வேண்டும் என்று கூறும் மனுவை இரண்டு படிகளாக எழுதிக்கொண்டு போகட்டும். ஒரு படியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கிவிட வேண்டும். ‘பிறகு கொண்டு வாருங்கள்’ என்று வாயால் சொல்வதை நம்பி வந்தவர்கள், கோப்பில் ‘சமர்ப்பிக்கவில்லை’ என்ற குறிப்பை மட்டுமே பின்னர் கண்டிருக்கிறார்கள். சான்றிதழ் எண் கேட்கும் கட்டத்தில் விண்ணப்ப எண்ணை எழுதிவிடக் கூடாது; அது அவசரத்தில் நேர்ந்த பிழையாகத் தோன்றாது, பொய்த் தகவலாகத் தோன்றும்.

தகுதி வேறு, அதற்கான சான்று வேறு என்பதை நினைவில் வை. 2004-இல் டாலி சந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், தகுதி குறித்த நாளில் இருந்தாக வேண்டும், ஆனால் அதற்கான சான்றைச் சமர்ப்பிப்பதில் சற்றுத் தளர்வு காட்டலாம் என்றது. உன் மகளின் சாதி இன்று உண்டானதன்று. தேர்வு முடிவே வராத பட்டமாக இருந்தால் இந்த வாதம் நிற்காது. ஆயினும் இன்ன தேதிக்குள் பெற்ற சான்றிதழ்தான் செல்லும் என்று அறிவிக்கையே சொல்லியிருந்தால், தீர்ப்பைக் காட்டி மேசையில் வாதாடிப் பயனில்லை. எனவே மனு எழுதும் முன் அறிவிக்கையின் அந்தப் பத்தியை ஒருமுறை படித்துவிட்டு, அதன் வாசகத்தை எனக்கு எழுது.

அன்புடன்,
முத்தையா