பிளவுஸ் பேட்டர்ன் பிரிண்ட் எடுக்குமுன் இதைப் படிங்க

அக்காமாரே, தங்கச்சிமாரே, வணக்கம். போன வாரம் போட்ட 36 இஞ்ச் பிளவுஸ் பேட்டர்ன் மார்புல பிடிக்குன்னு மூணு பேர் சொன்னீங்க. நல்ல துணியை வெட்டிட்டீங்களேன்னு மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. பாளையங்கோட்டையில ஒரு அக்கா எடுத்த தாளை வாங்கி அளந்தேன். மூலையில இருக்க 10 செ.மீ. சோதனைக் கட்டம் 9.6 தான் இருந்துச்சு.

பிரிண்டரால தாளோட விளிம்பு வரைக்கும் மை போட முடியாது. சுத்தி சுமார் 4 மி.மீ. விட்டுரும். பிரிண்ட் செட்டிங்ல அளவை Fit-னு வச்சா, முழுப் பக்கத்தையும் அந்த உள்பகுதிக்குள்ள அடக்கச் சுருக்கிரும். A4 அகலம் 210 மி.மீ.; அது 202-க்குள்ள வரணும்னா 96 சதவீதம். பிரிண்டருக்குப் பிரிண்டர் இந்த இடைவெளி மாறும், அதான் ஆளுக்கொரு அளவு வந்திருக்கு. பில்லோ கடிதமோன்னா இது தெரியவே தெரியாது. நமக்கு மார்புல கால் பங்கு 9 இஞ்ச், 8.64 ஆயிருது. முழுச் சுற்றுல கிட்டத்தட்ட ஒன்றரை இஞ்ச் போச்சு!

அதனால ஜெராக்ஸ் கடையில Actual size வைக்கச் சொல்லுங்க. குரோம்ல எடுத்தா More settings-ல போய் Scale-ஐ Default-னு வைங்க. விளிம்பு வெட்டுப்படுமோன்னு பயம் வேண்டாம், சுத்தி 1 செ.மீ. வெறுமையா விட்டுத்தான் வரைஞ்சிருக்கேன். முதல்ல சோதனைக் கட்டம் உள்ள ஒரு தாளை மட்டும் எடுத்து, ஸ்டீல் ஸ்கேல் வச்சு அகலம், உயரம் ரெண்டையும் அளங்க. நாள்பட்ட இஞ்ச் டேப் நீண்டிருக்கும், அதை நம்பாதீங்க. சரியா 10 இருந்தா மத்த தாள்களை எடுங்க.