மாத்திரைக் கவரில் ஒரு தேதிக் கணக்கையும் எழுதிக் கொடுங்கள்

மருந்துக்கடை வைத்திருக்கும், அங்கே வேலை பார்க்கும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

நான் அரசு மருத்துவமனையில் மகப்பேறு புறநோயாளிகள் பிரிவில் செவிலியர். அவசர கருத்தடை மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் நீங்கள் பேசக்கூடிய நேரம் அரை நிமிடம்கூட இருக்காது என்று தெரியும். அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன ஜூலையில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். கையில் ஒரு கர்ப்பப் பரிசோதனைக் கார்டு, ஒரே கோடு. "நெகட்டிவ்தான் அக்கா. ஆனா இன்னும் வரலையே" என்று அழுதாள். உட்கார வைத்து, தேதிகளை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். கடைசியாக மாதவிடாய் வந்தது ஜூன் 1. 29 நாளுக்கு ஒருமுறை வரும், அப்படியென்றால் ஜூன் 30 வர வேண்டும். உறவு ஜூன் 11 இரவு. மறுநாள் காலையிலேயே 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் போட்டுவிட்டாள். 17ஆம் தேதி இரண்டு நாள் பழுப்பாகக் கொஞ்சம் பட்டது. பீரியட்ஸ் சீக்கிரம் வந்துவிட்டது என்று நிம்மதியானாள். கடையில் "பத்து நாள் கழிச்சுப் பாருங்க" என்று சொல்லியிருந்ததால் 22ஆம் தேதி கார்டு போட்டாள். ஒரு கோடு. ஜூன் 30 வந்தது, மாதவிடாய் வரவில்லை. என்னிடம் வந்தது ஜூலை 1.

இதில் அவள் நம்பிய இரண்டும் தவறு. 17ஆம் தேதி பட்டது மாதவிடாய் இல்லை. மாத்திரையில் உள்ள ஹார்மோன் கர்ப்பப்பையின் உள்சவ்வைக் கொஞ்சம் உதிர வைக்கும், அவ்வளவுதான். அதனால் கர்ப்பம் இல்லை என்று ஆகிவிடாது. 22ஆம் தேதிப் பரிசோதனைக்கும் பொருளில்லை. விந்தணு உடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கலாம். கரு உண்டானால் அது கர்ப்பப்பையில் ஒட்ட இன்னும் ஆறு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். ஒட்டிய பிறகுதான் கார்டு கண்டுபிடிக்கிற ஹார்மோன் சுரக்கும், அது சிறுநீரில் தெரிய மேலும் சில நாள். கூட்டிப் பார்த்தால் மூன்று வாரம். பத்தாம் நாள் ஒரு கோடு வந்தால் "இன்னும் தெரியவில்லை" என்றுதான் அர்த்தம்.

நாள் தள்ளிப்போனது ஏன்? இந்த மாத்திரை முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. அதுதான் அதன் வேலை. முட்டை ஐந்து நாள் தாமதமானால் மாதவிடாயும் அதே அளவு தாமதமாகும். சுழற்சியின் தொடக்கத்திலேயே போட்டால் பல பேருக்கு முன்கூட்டியே வந்துவிடும். ஒரு வாரம் முன்னேயோ பின்னேயோ போவது இயல்பு. அதற்கு மேலும் வராவிட்டால் பரிசோதனை அவசியம்.

ஜூன் 11-லிருந்து 21 நாள், ஜூலை 2. அன்று காலை முதல் சிறுநீரில் பார்க்கச் சொன்னேன். ஒரு கோடுதான். இந்த முறை நம்பலாம். ஜூலை 5 மாதவிடாய் வந்தது என்று போனில் சொன்னாள்.

ஒரு விஷயத்தில் அவள் தப்பித்தாள். தள்ளிப்போன முட்டை பிறகு வெளிவரத்தான் செய்யும், மாத்திரை போட்ட பின் நடக்கும் உறவுக்கு அது காவல் கிடையாது. 18ஆம் தேதி இன்னொரு முறை பாதுகாப்பில்லாமல் இருந்திருந்தால் அங்கிருந்துதான் எண்ண வேண்டும், தேதி ஜூலை 9 ஆகியிருக்கும். மாத்திரை போட்ட நாளிலிருந்து எண்ணக் கூடாது.

அதனால்தான் கேட்கிறேன். காய்ச்சல் மாத்திரைக் கவரில் 1-0-1 என்று பேனாவால் எழுதிக் கொடுக்கிறீர்களே, அதேபோல் இந்தக் கவரிலும் ஒரு தேதிக் கணக்கை எழுதுங்கள். "கடைசி உறவு எந்தத் தேதி?" என்று கூட்டத்துக்கு முன்னால் கேட்க வேண்டாம். "கடைசி உறவு நாளிலிருந்து 21 நாள், காலை முதல் சிறுநீர். நடுவில் லேசாகப் பட்டாலும் பாருங்கள்" என்று எழுதினால் போதும். கார்டு வாங்க வருகிறவர்களிடம், கோடு மங்கலாக இருந்தாலும் இரண்டு கோடு இரண்டு கோடுதான், சி என்று போட்ட பக்கம் கோடே விழாவிட்டால் அந்தக் கார்டு கெட்டது என்று சொல்லுங்கள். மாத்திரை போட்டதால் கார்டு தவறாகக் காட்டுமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். காட்டாது.

அப்புறம் ஒன்று. நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி என்று யாராவது உங்கள் கடைக்கு வலிமாத்திரை கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள். கரு குழாயில் தங்கியிருக்கலாம். அந்த நிமிடமே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள், இரவானாலும் சரி.

அன்புடன்,
ஒரு செவிலியர்