மறுப்பதானால் காரணத்தைச் சொல்லுங்கள்: எங்கள் வங்கியின் கார்டு பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர்க் கிளையில் பள்ளிப் பருவத்திலிருந்து சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் மாணவி நான். அமெரிக்க மாணவர் விசாவுக்கான நேர்காணலுக்கு முன், அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்காகச் செலுத்தியாக வேண்டிய செவிஸ் கட்டணத்தை, தங்கள் வங்கி தந்த டெபிட் கார்டால் மூன்று இரவுகள் முயன்றும் செலுத்த முடியவில்லை. என் புகாரின் விவரம் தங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அதற்கு வந்த பதிலில் வருத்தம் இருந்தது, மறுத்த காரணம் இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

செவிஸ் கட்டணம் 350 டாலர். வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் வரியும் சேர்ந்தால் 30,000 ரூபாயைத் தாண்டும். அந்தத் தொகைக்கு மேலேயே என் கணக்கில் பணம் இருந்தது. அமெரிக்கக் கல்லூரி அனுப்பிய ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தைப் பார்த்து, ‘N’ என்று தொடங்கும் என் எண்ணையும் மற்ற விவரங்களையும் நிரப்பி, கார்டு எண்ணைக் கொடுத்தால், சில நொடிகளில் ஏற்கப்படவில்லை என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான்.

முதல் இரவு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கணக்குத் தொடங்கியபோது கொடுத்தது அப்பாவின் கைபேசி எண் என்பதால், ஓடிபி அவருக்குத்தான் வரும். பனியன் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்தவர், வீட்டுக்குள் சிக்னல் சரியாக இல்லை என்று மொட்டை மாடிக்குப் போய்க் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கீழே இருந்து “இப்போது அழுத்துகிறேன்ப்பா” என்பேன். அவர் மேலே இருந்து “இன்னும் வரலைம்மா” என்பார். தன் கைபேசி பழையது என்பதால்தான் மகளின் காரியம் கெடுகிறது என்று அவர் அன்றிரவு முழுவதும் நம்பிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுத் தளங்கள் பல ஓடிபி கேட்பதே இல்லை என்பதும், கேட்கும் கட்டத்தை எட்டும் முன்பே தங்கள் கணினி எங்களை மறுத்துவிட்டது என்பதும் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தன. அவரை மாடியில் நிற்க வைத்தது சிக்னல் அல்ல, தங்கள் மௌனம்.

மறுநாள் கல்லூரி அக்கா ஒருவர் சொல்லித்தான், செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கென்று தனிச் சுவிட்சு இருப்பதும், அது அணைந்திருப்பதும் தெரிய வந்தன. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 15 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, புதிதாகத் தரப்படும் கார்டு இந்தியாவிலுள்ள ஏடிஎம்மிலும் கடைக் கருவியிலும் மட்டுமே இயங்கும். இணையத்திலும் வெளிநாட்டிலும் பயன்படுத்த வேண்டுமானால் வாடிக்கையாளர்தான் அதை இயக்கிக்கொள்ள வேண்டும். திருட்டைத் தடுக்கும் நல்ல விதி அது. அதன் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் பூட்டைப் போட்டவர்கள், பூட்டியிருக்கிறது என்றாவது சொல்ல வேண்டாமா?

சுவிட்சை இயக்கினேன். இரண்டாம் இரவும் அதே வரிதான் வந்தது. மூன்று முறை முயன்றேன். தங்கள் உதவி எண்ணில் பேசியவர், தளத்தின் பக்கம் கோளாறு இருக்கலாம் என்றார். கட்டணம் வாங்கும் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால், உங்கள் வங்கியைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. மூன்றாம் இரவும் முயன்று தோற்ற பிறகு, வியாழக்கிழமை காலை அப்பா ஒரு ஷிப்டுச் சம்பளத்தை விட்டுவிட்டு என்னுடன் கிளைக்கு வந்தார்.

அங்கிருந்த அதிகாரி அன்பானவர். கார்டு பிரிவுக்குப் போன் செய்து, பழைய சலானின் பின்புறத்தில் மூன்று எண்களை எழுதினார்: 57, 61, 62. நான் அழுத்தும் ஒவ்வொரு முறையும், கோரிக்கை தளத்தின் வங்கி வழியாக விசா என்ற கார்டு நிறுவனத்தின் வலையமைப்புக்கும், அங்கிருந்து தங்கள் வங்கிக்கும் வருகிறது. தாங்கள் சொல்லும் பதில் இரண்டு இலக்க எண்ணாகத் திரும்பிப் போகிறது. 57 என்றால் இந்த வகைப் பரிவர்த்தனைக்கு இந்தக் கார்டுக்கு அனுமதி இல்லை என்று பொருள். அதுதான் அணைந்திருந்த சுவிட்சு. 61 என்றால் வரம்பு மீறல். வெளிநாட்டு இணையப் பயன்பாட்டுக்கு 25,000 ரூபாய் என்று தனி வரம்பு ஒன்றைச் செயலியில் முன்கூட்டியே வைத்திருக்கிறீர்கள். சுவிட்சை இயக்கினாலும் அது தானாக உயராது. 62 என்றால் கட்டுப்படுத்தப்பட்ட கார்டு. அடுத்தடுத்துத் தோற்றதைப் பார்த்துத் தங்கள் மோசடித் தடுப்பு அமைப்பு கார்டையே பூட்டிவிட்டது. முதல் இரண்டு பூட்டுகளைப் பற்றி எனக்குத் தெரியாததால்தான் மூன்றாவது பூட்டு விழுந்தது.

ஆக, காரணம் ஒவ்வொரு முறையும் தங்களுக்குத் தெரிந்தே இருந்தது. என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: மறுப்பதானால் அதன் காரணத்தை, மறுத்த அதே நிமிடத்தில், பதிவான கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள்.

காரணத்தைச் சொன்னால் திருடர்களுக்கு உதவியாகிவிடும் என்று தங்கள் பதிலில் ஒரு வரி இருந்தது. கட்டணப் பக்கத்தில் சொல்வதைப் பற்றியானால் அது நியாயமே. அந்தத் திரை யார் கண்ணில் படும் என்று தங்களுக்குத் தெரியாது. பதிவான கைபேசியோ கார்டுக்கு உரியவரிடம் இருக்கிறது. ஓடிபியை நம்பி அனுப்பும் எண்ணுக்கு, ‘வெளிநாட்டு இணைய வரம்பு 25,000 ரூபாய், தாங்கள் கேட்டது அதற்கு மேல், செயலியில் மாற்றலாம்’ என்ற வரியை அனுப்புவதில் என்ன ஆபத்து? உண்மையிலேயே திருடன் முயன்றிருந்தால், அந்தச் செய்தி உரியவரை எச்சரிக்கவும் செய்யுமே.

குறுஞ்செய்தி அனுப்பும் வசதி தங்களிடம் இல்லை என்று சொல்வதற்கில்லை. அதே மூன்று இரவுகளில் அப்பாவுக்குத் தங்களிடமிருந்து இரண்டு செய்திகள் வந்தன. இரண்டும் அவர் கேட்காத தனிநபர் கடன் அவருக்குத் தயாராக இருப்பதாகச் சொன்னவை. ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில், 350 டாலருக்காக நாங்கள் மாடியில் நின்றுகொண்டிருந்தபோது வந்த செய்திகள் அவை. கடன் கொடுக்க இருக்கும் வேகம், இருக்கிற பணத்தை எடுக்கவிடுவதில் இல்லையே என்று எழுதத் தோன்றுகிறது. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்தருள்க.

பூட்டு நீங்க மறுநாள் ஆகும் என்றார்கள். நேர்காணலோ அடுத்த செவ்வாய்க்கிழமை. மூன்று வேலை நாட்களுக்கு முன்பாவது கட்டணத்தைச் செலுத்திவிடும்படி அறிவுறுத்தியிருக்கிறார்கள் என்பதால், எங்களுக்கு அந்த வியாழக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்றால், முதலில் தங்கள் பதிலுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். கட்டணத்தை யார் வேண்டுமானாலும் செலுத்தலாம் என்பதால், சிங்கப்பூரில் இருக்கும் பெரியம்மா மகனிடம் அப்பா பேசினார். யாரிடமும் கைமாற்று கேட்டுப் பழகாத மனிதர் அவர். அண்ணன் இரண்டு நிமிடத்தில் கட்டிவிட்டு ரசீதை அனுப்பினார். கணக்கில் பணம் வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் கேட்கும் நிலைக்கு அப்பா வந்தது, தாங்கள் அனுப்பாத ஒரு வரியால்.

இந்தப் பருவத்தில் என்னைப் போல் தங்கள் கார்டுடன் அந்தப் பக்கத்தின் முன் உட்காரும் மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுவிட்சோ, வரம்போ, பூட்டோ, எதனால் மறுக்கப்பட்டது என்பதையும் அதை எங்கே மாற்றலாம் என்பதையும் அவர்களுக்கு உடனே குறுஞ்செய்தியில் தெரிவிக்க ஏற்பாடு செய்யுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஏற்பாடு எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதை எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் திருப்பூர்க் கிளை வாடிக்கையாளர்