பாதி மதிப்பெண் போன இடம்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேரன் பள்ளிக்கும் நீ சட்டக் கல்லூரிக்குமாக ஒரே வண்டியில் போகிறீர்கள் என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். இங்கே எல்லாரும் நலம். நான் கோர்ட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

சரி, நீ எழுதி அனுப்பிய மாதிரித் தேர்வு வினாவுக்கு வருகிறேன். காணாமல் போன பையனைத் தேட முதலாளி அனுப்பிய கணக்குப்பிள்ளை, பையனைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று முதலாளி வெளியிட்ட நோட்டீஸை வழியில் பார்க்கிறான். பிறகு பையனைக் கண்டுபிடிக்கிறான். பரிசு அவனுக்கு உண்டா என்பது கேள்வி. "அறிந்து செய்தான், எனவே ஒப்பந்தம் உண்டு" என்று எழுதி முடித்துவிட்டாய். பாதி மதிப்பெண் போனது அங்கேதான்.

கேள்வி 1913-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்த்த லால்மன் சுக்லா வழக்கின் திரிபு. கான்பூரிலிருந்து ஹரித்வாருக்கு அனுப்பப்பட்ட கணக்குப்பிள்ளை அவர். கிளம்பிய பிறகுதான் 501 ரூபாய் பரிசு என்று நோட்டீஸ் வந்தது. அது தெரியாமலே பையனைக் கண்டுபிடித்தார். சில மாதம் கழித்து வேலை போனதும் வழக்குப் போட்டார்; தோற்றார். தெரியாத ஒன்றை எப்படி ஏற்க முடியும்? இந்தக் காரணத்தை எல்லா மாணவர்களும் எழுதுவார்கள்.

தீர்ப்பில் இன்னொரு காரணமும் உண்டு. தேடிப் போவது கணக்குப்பிள்ளையின் வழக்கமான வேலையில்லைதான். ஆனால் போக ஒப்புக்கொண்டதும் அது அவர் கடமையாகிவிட்டது. முதலாளிக்கு ஏற்கெனவே செய்யக் கடமைப்பட்டதையே செய்தால், அது முதலாளியின் புது வாக்குறுதிக்கு மறுபயன், அதாவது வாக்குறுதிக்கு ஈடாகத் தருவது, ஆகாது. உன் தேர்வாளர் ஒரே ஒரு விவரத்தைத்தான் மாற்றியிருக்கிறார்: நோட்டீஸைப் பார்க்க வைத்துவிட்டார். அதனால் முன்மொழிவு இருக்கிறது. நிபந்தனையை நிறைவேற்றியதால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி ஏற்பும் இருக்கிறது. மறுபயன் மட்டும் இல்லை. எனவே பரிசு கிடையாது.

அவனே பக்கத்து வீட்டுக்காரனாக இருந்து, நோட்டீஸைப் பார்த்துவிட்டுத் தேடியிருந்தால் கதை வேறு. கடமை எதுவுமில்லை, 2(d) பிரிவு கேட்கிறபடி, வாக்களித்தவர் விரும்பியதைச் செய்திருக்கிறான். பணம் உண்டு.

ஹரித்வாருக்கு மட்டும் அனுப்பப்பட்டவன், பையன் அங்கே இல்லையென்று தெரிந்து தானாகவே ரிஷிகேசம் போய்க் கண்டுபிடித்தால்? லால்மன் சுக்லாவும் பையனை ரிஷிகேசத்தில்தான் கண்டுபிடித்தார்; அப்போதும் அது கடமைக்குள் என்றே நீதிமன்றம் கொண்டது. ஆனாலும் கடமையின் எல்லை எது என்று தேர்வில் இரு பக்கமும் வாதிடலாம். அவன் பக்கம் நிற்பவர் சொல்லக்கூடியது இதுதான்: இவன் ஒப்புக்கொண்டது ஹரித்வார் வரைதானே. எந்த முடிவுக்கு வந்தாலும் காரணத்தை எழுது, மதிப்பெண் அதற்குத்தான்.

அப்புறம், பரிசு வினா என்றாலே முதலில் இரண்டு தேதிகளை ஓரத்தில் குறித்துக்கொள்: நோட்டீஸ் எப்போது கண்ணில் பட்டது, தேடும் கடமை எப்போது தொடங்கியது. அடுத்த மாதிரித் தாளை எழுதி அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
சண்முகம்